500 கூட்டல் 18 சதவீதம் எவ்வளவு?

500 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 590 ரூபாய். இதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். ஆனால் கேசியோ நிறுவனத்தின் சாதாரணக் கால்குலேட்டர்கள் பலவற்றில் 500 + 18 % என்று வரிசையாக அழுத்திப் பார்த்தால், திரையில் நிற்பது 609.756. அதே வரிசையைக் கைபேசியில் தட்டினால் பெரும்பாலும் 590 வரும். மாணவர்கள் வைத்திருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் சிலவற்றிலோ 500.18. மூன்றில் எதுவும் பழுதானதல்ல.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றுக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள்தான். % பொத்தானுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி கிடையாது. 18 சதவீதம் என்றால் எதில் 18 சதவீதம் என்ற கேள்வி உடனே வரும். நாம் மனதுக்குள் அதற்குப் பதில் வைத்திருக்கிறோம். கால்குலேட்டரிடம் இருப்பதோ முதலில் அடித்த எண், நடுவில் அழுத்திய குறி, பிறகு அடித்த எண், அவ்வளவுதான். மிச்சத்தை அதைச் செய்தவர்கள் முன்கூட்டியே முடிவுசெய்து சில்லுக்குள் வைத்துவிட்டார்கள். ‘18 % என்றால் வெறும் 0.18’ என்று வைத்தால் 500.18 வரும். ‘முதல் எண்ணில் 18 சதவீதம்’ என்று வைத்தால் 90 கூடி 590 ஆகும்.

அப்படியானால் 609.756 எங்கிருந்து வந்தது? இது வியாபாரியின் கணக்கு. ஒரு பொருளை 500 ரூபாய்க்குக் கொள்முதல் செய்திருக்கிறார். லாபம் 18 சதவீதம் வேண்டும். ஆனால் அந்த 18 சதவீதத்தை அவர் கொள்முதல் விலையில் பார்க்கவில்லை, விற்பனை விலையில் பார்க்கிறார். கல்லாவில் விழும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 18 ரூபாய் தன்னுடையதாக இருக்க வேண்டும், மீதி 82 ரூபாய் முதலுக்குப் போக வேண்டும். அதனால் 500-ஐ 0.82 ஆல் வகுக்க வேண்டும். விடை 609.756. சரிபார்த்தால், அதில் 18 சதவீதம் ஏறக்குறைய 109.76, அதைக் கழித்தால் முதல் 500 அப்படியே நிற்கிறது. விலை குறிப்பவருக்கு அருமையான வசதி. வரி சேர்க்க நினைத்தவருக்கு ஏறத்தாழ 20 ரூபாய் பிழை. சதவீதம் சிறியதாக இருக்கும்போது இது இன்னும் ஆபத்து: 100 + 5 % என்றால் 105.26 வரும். சரியான விடைக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அவசரத்தில் கண்ணில் படாது.

கழித்தலில் அந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் விடை கண்ணைப் பறிக்கும். 500 − 18 % என்று தள்ளுபடி போட்டால் இதே வகைக் கால்குலேட்டர் 2677.77 என்று காட்டும். அங்கே அந்தப் பொத்தானுக்கு வேறொரு வேலை கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் விற்பனை 400, இந்த மாதம் 500, எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது? 500 − 400 % என்று அழுத்தினால் 25. அதாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாம் எண்ணால் வகுத்து நூறால் பெருக்குகிறது. 18-லிருந்து 500-க்கு ஏறினால் எத்தனை சதவீத ஏற்றம் என்று நாம் கேட்டதாகவே அது எடுத்துக்கொள்கிறது.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்க 100 + 50 % அழுத்துங்கள். 150 வந்தால் அது சாதாரணக் கூட்டல் வகை. 200 வந்தால் வியாபாரி வகை. 100.5 வந்தால் % அங்கே நூறால் வகுப்பது மட்டுமே. சிலவற்றில் % அழுத்தியதும் விடை வந்துவிடும், சிலவற்றில் = அழுத்தும்வரை காத்திருக்க வேண்டும்.

வகை தெரியாத கால்குலேட்டர் கையில் கிடைத்தால் + % கூட்டணியை விட்டுவிட்டுப் பெருக்கலுக்குப் போய்விடுவதே நல்லது. பெருக்கலில் இவற்றுக்குள் சண்டை இல்லை. 500 × 18 % என்றால் வரி மட்டும் 90. வரியோடு சேர்ந்த தொகை வேண்டுமானால் 500 × 118 %, விடை 590. 18 சதவீதத் தள்ளுபடி போக எவ்வளவு என்றால் 500 × 82 %, விடை 410.

ரசீதில் வரியோடு சேர்த்து 590 என்று மட்டும் இருக்கிறது, வரியில்லாத விலை வேண்டும் என்றால் பலரும் 590 − 18 % என்று போடுவார்கள். கூட்டல் வகைக் கால்குலேட்டர்கூட அதற்கு 483.80 என்றுதான் காட்டும். இங்கே குற்றம் பொத்தானுடையதல்ல: வரி போட்டது 500-க்கு, நாம் கழிக்கச் சொன்னது 590-ல் 18 சதவீதத்தை. 590 ÷ 118 % என்று அழுத்தினால் 500 வந்துவிடும்.