துவைகல்லுக்கு ஒரு கறுப்புக் கட்டம்

"தம்பி, உங்க கேமரா எங்க கொல்லையப் பாக்குதாமே?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். "இல்லக்கா, எங்க கேட்டத்தான் பாக்குது" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து போனில் திறந்து பார்த்தேன். படத்தில் வலது ஓரம் முழுக்க அவர்கள் வீடுதான். துவைகல், கொடியில் புடவை, அடுக்களை ஜன்னல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

முதலில் ஏணி போட்டு கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். ஜன்னல் மறைந்தது, துவைகல் மறையவில்லை. இன்னும் திருப்பினால் எங்கள் கேட்டே தெரியாது. மிச்சத்தை மென்பொருளில்தான் மறைக்க வேண்டும்.

அங்கே ஒரு தப்புச் செய்தேன். ஆப்பில் அசைவைக் கண்டறியும் பகுதியிலிருந்து கொல்லையை நீக்கினேன். அலர்ட் வருவது நின்றது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். பழைய காட்சியை ஓட்டினால் துவைகல் அப்படியே இருந்தது. அந்த அமைப்பு எச்சரிக்கையைத்தான் நிறுத்தும், பதிவை நிறுத்தாது.

நமக்கு வேண்டியது Privacy Mask. சில கேமராக்களில் Privacy Zone என்றிருக்கும். (Privacy Mode என்பது வேறு, அது கேமரா பார்ப்பதையே மொத்தமாக நிறுத்திவிடும்.) கம்ப்யூட்டர் பிரவுசரில் கேமராவுக்குள் நுழைந்து, Configuration, Image, Privacy Mask என்று போய், துவைகல்லின் மேல் கட்டம் வரைந்து Save கொடுத்தேன். கேமராவே கறுப்புப் பூசித்தான் படத்தை அனுப்புகிறது. அதனால் பதிவில் அந்த இடமே இருக்காது. பிறகு யாரும் நீக்கிப் பார்க்க முடியாது.

இரவில் மைத்துனனைக் கொல்லைச் சுவரோரம் டார்ச்சோடு நிற்க வைத்துச் சோதித்தேன். கட்டத்துக்கு மேலே அவன் தலை மட்டும் மிதந்தது! கல்லின் உயரத்துக்கு வரைந்திருக்கிறேன், ஆளின் உயரத்துக்கு அல்ல. கட்டத்தைப் பெரிதாக்கினேன். ஓரத்தில் கொஞ்சம் தாராளமாக விடுவது நல்லது, ஏனென்றால் கட்டம் ஒட்டியிருப்பது படத்தில்தான், சுவரில் அல்ல. ஒட்டடை அடிக்கும்போது கேமரா ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கல் வெளியே எட்டிப் பார்க்கும். சுழலும் கேமராவாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் திருப்பிப் பார்த்தே தீர வேண்டும். ரீசெட் செய்தால் கட்டம் போய்விடும்.

கட்டம் போடுவதற்கு முன் பதிவானது மாறாது. ஹார்டு டிஸ்கில் 12 நாள் கொல்லை கிடந்தது. அழித்தேன்.

அக்காவைக் கூப்பிட்டு போனைக் காட்டினேன். கறுப்பைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கேட்டார்: "சத்தம் கேக்குமா?"

அந்தக் கேமராவில் மைக் இருந்தது. கட்டம் படத்தைத்தான் மறைக்கும். துவைகல்லில் அவரும் மருமகளும் பேசியதெல்லாம் பதிவாகியிருக்கும். அவர் எதிரிலேயே ஆடியோவை அணைத்தேன். ஒரு நிமிடம் பதிவு ஓடவிட்டு, அதைத் திருப்பிப் போட்டு, போனை அவர் காதருகே கொடுத்தேன்.