ஒல்லியானவருக்கும் ஏன் மாரடைப்பு?

"அத்தா ஒல்லியாகத்தானே இருந்தாங்க, அவங்களுக்கு எப்படி மாரடைப்பு வந்தது?" நம் மஹல்லாவின் மவுத்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களின் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. புகைப்பழக்கம், குடும்ப வழி என்று காரணங்கள் பல உண்டு. இங்கே வயிற்றை மட்டும் பார்ப்போம்.

அதே 2004-ல், புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றுதான், பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷின் இதைச் சொல்லாது.

நம்மவர்களுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம் குறைவு. அது நிரம்பியதும் மிச்சம் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் படிகிறது என்பது முக்கியமான ஒரு விளக்கம். குடலைச் சுற்றிய கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்காமல் போகிறது, சர்க்கரை ஏறுகிறது. கூடவே டிரைகிளிசரைடு கூடி, நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் துகள்கள் சிறுத்து, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதாகப் புகுகின்றன. ஆகவே சர்க்கரை நோய் என்று தெரியவரும் முன்பே இதயக் குழாய் கெடத் தொடங்கியிருக்கலாம்.

ஓர் உதாரணம். வயது 44, உயரம் 170 செ.மீ., எடை 64 கிலோ. பி.எம்.ஐ. 22, குறையே இல்லை. இடுப்புச் சுற்றளவோ 94 செ.மீ. வெறும் வயிற்றில் சர்க்கரை 118, டிரைகிளிசரைடு 210, நல்ல கொலஸ்ட்ரால் 34. இவருக்கு இன்னும் சர்க்கரை நோய் இல்லை. ஆனால் மேலே சொன்னது அத்தனையும் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை. கைலி கட்டும் இடத்தில் அளந்தால் கணக்குத் தப்பும். தொந்தி உள்ளவர்கள் அதற்குக் கீழேதானே கட்டுகிறோம்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் டேப் வைக்க வேண்டும். டேப்புக்கும் ஒரு குறை உண்டு: தோலடிக் கொழுப்பையும் உள்கொழுப்பையும் அது பிரித்துக் காட்டாது. அளவு மீறியிருந்தால் வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பார்த்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நரம்புகள் பழுதானதால் மாரடைப்பின்போது அவர்களுக்கு நெஞ்சு வலி வராமலே போகலாம். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத கடும் சோர்வு மட்டும் தெரியும். 'வாயுத் தொல்லை' என்று சோடா வாங்கிக் கொடுத்து விடியும்வரை காத்திராமல், உடனே ஈ.சி.ஜி. எடுக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.