காலண்டர் படம் மங்காமல் இருக்க

புத்தாண்டு காலண்டருக்கு சிவகாசிக்கு ஆர்டர் கொடுக்கும் உறுப்பினர்கள், நெய்யூரில் எங்கள் கடைக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

12 அங்குல அகலம், 18 அங்குல உயரத்தில் காலண்டர் அடித்தோம். கடை முகப்பு, நல்லமிளகு, கிராம்பு மூட்டைகள், ஒரு எண்ணெய்க் கம்பெனியின் சின்னம், கடைப் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கினோம். கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்தது. அச்சாகி வந்தபோது முகப்பு தெளிவு, சின்னம் மங்கல், போன் நம்பரைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் ஒரு கறை. அச்சகத்தாரைக் கோபித்துக்கொண்டோம். தவறு எங்களுடையதுதான்.

கம்ப்யூட்டர் படம் என்பது பிக்சல் என்னும் புள்ளிகளின் கூட்டம். கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஆகவே எங்கள் காலண்டருக்கு 3600க்கு 5400. மொத்தப் படத்தை அந்த அளவில்தான் அமைத்திருந்தோம். ஆனால் ஒட்டிய துண்டுகள் ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்குப் பார்க்கவில்லை. முகப்புப் படம் 4000 புள்ளி அகலம். 12 அங்குலத்துக்குத் தாராளம். சின்னமோ வாட்ஸ்அப்பில் வந்த 300 புள்ளிப் படம். அதை 3 அங்குலத்துக்கு இழுத்ததால் அங்குலத்துக்கு 100 புள்ளிதான் கிடைத்தது. கம்ப்யூட்டரில் 300 என்று எண்ணை மாற்றினால் இல்லாத புள்ளி வந்துவிடாது; பாலில் தண்ணீர் சேர்த்த கதைதான். திரையில் 100 சதவீத அளவில் வைத்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்திருந்தால் அச்சுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

போன் நம்பர் கறைக்குக் காரணம் வேறு. திருத்தும்போதெல்லாம் படத்தை JPEG ஆகவே சேமித்தோம். அது கோப்பைச் சிறிதாக்க நுணுக்கங்களை விட்டுவிடும். போட்டோவில் அது கண்ணுக்குத் தெரியாது; எழுத்தின் ஓரத்தில் தெரியும். திருத்தித் திருத்திச் சேமித்தால் இன்னும் கூடும்.

இந்த ஆண்டு முறையை மாற்றினோம். துண்டுகள் தனித்தனி அடுக்காக இருக்கும் PSD கோப்பை மூலமாகப் பத்திரப்படுத்தினோம். கம்பெனியிடம் சின்னத்தை PDF ஆகக் கேட்டு வாங்கினோம். கோடுகளாக வரைந்த சின்னமாதலால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கவில்லை. அச்சகத்துக்கும் எழுத்தை எழுத்தாகவே வைத்து PDF கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அல்ல, டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். போட்டோவாக அனுப்பினால் அது தானாகவே சுருக்கிவிடும்.

வாடிக்கையாளர் போனுக்கு இவ்வளவு பெரிய கோப்பு வேண்டாம். மூலத்திலிருந்து 1080 புள்ளி அகலத்துக்கு ஒரே தடவை குறைத்து, எழுத்து மிகுந்திருப்பதால் PNG ஆக எடுத்தோம். அந்தச் சிறிய படத்தையே எடுத்து அச்சுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கிலிருந்து கடை வாசல் பிளெக்ஸ் போர்டு மட்டும் விலக்கு. தூரத்திலிருந்து பார்ப்பதால் அங்குலத்துக்கு 100 புள்ளியே போதும்.