முள்ளாகிப் போகும் பூக்கள்

நெடுஞ்சாலை நடுத்திட்டில் நிற்கும் காகிதப்பூச் செடிக்கு யாரும் எருப் போடுவதில்லை. தண்ணீர் லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆனாலும் மார்ச் மாதத்தில் அது இலை தெரியாமல் ராணி நிறத்தில் பூத்துக் கிடக்கிறது. அதே செடியை நர்சரியில் வாங்கி வந்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, மாதம் தவறாமல் சாணி எரு வைக்கும் வீட்டில் பச்சைக் கொடி மாடிவரை ஏறுகிறது. பூவை மட்டும் காணோம். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு எழுவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் அவர்மேல் தவறில்லை.

முதலில் பூ எது என்று பார்த்துவிடலாம். நாம் பூ என்று ரசிக்கும் மெல்லிய வண்ணத் தாள்கள் உண்மையில் இலைகள். பூவடி இலைகள் என்று தாவரவியலில் சொல்வார்கள். மூன்று பூவடி இலைகள் சேர்ந்த ஒவ்வொரு தொகுதிக்கும் நடுவில், குழல்போல் வெளுத்துத் தெரிகிறதே, அதுதான் பூ. பிரேசிலைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தச் செடி இந்தப் பூங்கொத்துகளைப் புதுக்கிளைகளில் மட்டுமே வைக்கும். பழைய, தடித்த கட்டையில் எத்தனை மாதம் காத்திருந்தாலும் வராது.

அந்தப் புதுக்கிளையில் இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் செடியின் ரகசியம் தெரியும். அங்கே ஒரு சிறு முளை இருக்கிறது. அது பூங்கொத்தாகவும் வளரலாம், முள்ளாகவும் வளரலாம். காகிதப்பூவின் முள், பூங்கொத்தின் காம்பாக வளர்ந்திருக்க வேண்டிய உறுப்புதான். நிழலும் ஈரமும் தழைச்சத்தும் மிகுந்து கொடி வேகமாக நீளும்போது முளைகள் முள்ளாக இறுகிவிடும். ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தாலும் இதே கதைதான். நல்ல வெயில் கிடைத்து, பகல் குறுகி, வளர்ச்சி தணியும்போது அதே முளைகள் பூக்கத் தொடங்குகின்றன. ஆகவே ஒரு கொடி பூக்காமல் இருக்கிறதே என்று கவலைப்படுபவர் முதலில் அதன் முட்களைப் பார்க்கட்டும். கணுவுக்குக் கணு நீண்ட முள்ளும், விரல் நீளத்துக்கு மேல் கணு இடைவெளியும், அகன்ற கரும்பச்சை இலையும் இருந்தால், அந்தச் செடிக்கு நோய் எதுவும் இல்லை. அளவுக்கு மீறி வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தெரிந்தவர் ஒருவர் வீட்டுச் செடியைச் சொல்கிறேன். சென்னைப் புறநகர். சுற்றுச்சுவர் ஓரமாக, வேப்பமரத்தின் கீழே, மண்தரையில் ஒரு சிமெண்ட் தொட்டி. காலையில் இரண்டு மணிநேரம் வெயில், பிறகு நிழல். அரிசி களைந்த தண்ணீர் முழுக்க அதற்குத்தான். மழைக்காலம் முடிந்த டிசம்பர் கடைசியில், பூக்க வைக்கிறேன் பேர்வழி என்று அவர் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார். இலைகூட வாடவில்லை. தொட்டியை அசைத்தபோதுதான் காரணம் புரிந்தது: அடித்துளை வழியாக வேர் இறங்கித் தரையைப் பிடித்திருந்தது. மேலே பட்டினி, கீழே விருந்து. காய்ச்சல் கொடுத்தும் பூக்கவில்லை என்று சொல்லும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது.

தொட்டியைத் திருகி வேரை அறுத்தார்கள். காகிதப்பூவின் வேர் மெல்லியது, கலைப்பதைப் பொறுக்காது. அதனால் வேர் போன அளவுக்குக் கொடியையும் குறைத்தாக வேண்டும். அடியிலிருந்து கம்புபோல் நேராகக் கிளம்பும் கொழுத்த தளிர்களை அடியோடு நீக்கி, மற்றக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினார்கள். நிழலில் வளர்ந்த இலை உச்சிவெயிலில் கருகும் என்பதால், சில நாள் மாடிப்படி ஓரத்தில் வைத்துவிட்டுப் பிறகே மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். அங்கே தொட்டி செங்கல் மேல் நின்றது. பழைய இலை பாதி கொட்டியது. அது எதிர்பார்த்ததுதான். நேரடி வெயில் ஐந்தாறு மணிநேரமாவது விழாத இடத்தில், இனிச் சொல்லப்போகும் எதுவும் பலிக்காது. வெளிச்சம் நிறைய இருக்கிறதே என்பார்கள். வெளிச்சம் வேறு, வெயில் வேறு.

புதுத் தளிர்கள் அரைச் சாண் நீளம் வரும்வரை தண்ணீர் வழக்கம்போலத்தான். தளிரே இல்லாத செடியைக் காயவிட்டால் பூ வைக்க இடமில்லை. அரைச் சாண் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்றாகக் கிளைக்கும். பூ வரும் நுனிகளும் அத்தனை மடங்காகும். இதற்குப் பிறகு கத்தரியை உள்ளே வைத்துவிட வேண்டும். வேலியாக வளர்த்து வாராவாரம் மட்டமாகக் கத்தரிக்கும் வீடுகளில் பூவே இல்லாமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மொட்டு நுனியில் இருக்கிறது, கத்தரியும் நுனியில்தான் விழுகிறது.

காயப்போடுவதில் எங்கே நிறுத்துவது என்பதுதான் பலருக்குத் தடுமாற்றம். நாள் கணக்கு இங்கே உதவாது. சிறிய மண்தொட்டி மே மாதத்தில் ஒரே நாளில் காயும், பெரிய சிமெண்ட் தொட்டி ஜனவரியில் ஐந்து நாள் தாங்கும். இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இளந்தளிர் தலை சாய்ந்து, இலை மினுமினுப்பு இழந்து தொய்ந்தால் அதுதான் நேரம். உடனே அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, மறுபடி தொய்யும்வரை விட்டுவிட வேண்டும். தினமும் ஒரு குவளை என்று ஊற்றுவது இரண்டுக்கும் உதவாது. இலை சுருண்டு மொரமொரத்தால் எல்லை தாண்டிவிட்டது, தளிரும் போய்விடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, மண் ஈரமாக இருந்தும் இலை தொய்ந்தால் அது வேரழுகல். அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் சாகும்.

அந்தத் தொட்டியில் இப்படி மூன்று நான்கு முறை தொய்ந்து எழுந்ததும் கணுக்களில் செம்புள்ளிபோல் மொட்டுகள் தெரிந்தன. அப்போது பட்டினியைத் தளர்த்த வேண்டும். பூவடி இலை விரியும் நேரத்தில் கடுமையாகக் காயவிட்டால் எல்லாம் நிறம் ஏறுமுன் உதிரும். மேல்மண் காய்ந்ததும் தண்ணீர், மற்றபடி உரமில்லை. யூரியாவும் புதுச்சாணமும் இந்த நேரத்தில் விழுந்தால் கொடி மறுபடி பச்சைக்குத் திரும்பிவிடும். பிப்ரவரி முடிவதற்குள் மாடி ஓரம் முழுக்கச் சிவந்திருந்தது.

தரையில் நட்ட செடிக்கு இதில் பாதிதான் பொருந்தும். வேர் எங்கே போய்க் குடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் புல்தரையோ வாழைப்பாத்தியோ இருந்தால் தண்ணீரும் உரமும் அங்கிருந்தே வந்துவிடும். அங்கே வெயிலை மறைக்கும் கிளைகளைக் கழிப்பதும், பூ முடிந்ததும் பூத்த கிளைகளை வெட்டிவிடுவதும்தான் நம் கையில் இருப்பவை. நட்டு ஓராண்டுகூட ஆகாத கன்றானால் இதையும் தொடங்க வேண்டாம், அது வேர்பிடிக்கட்டும்.

உதிர்ந்து முடிந்த கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, இதே சுற்றைத் திரும்ப நடத்தினால் கோடையில் இன்னொரு தரம் பூக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியபின் திறந்த மாடியில் எந்தத் தொட்டியையும் காயவைக்க முடியாது. அந்த மாதங்களில் அது பச்சையாகவே இருக்கும். தொட்டியில் தண்ணீர் தேங்காமல் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம், கத்தரி டிசம்பருக்கு.