உள்ளே தெரியும் கைக்கடிகாரம்

சாம்பியன் ரீப்ஸில் ஒரு காலத்தில் கைக்கடிகாரம் இல்லாதவருக்கும் மணி தெரியும். ஷிப்டுக்கு ஊதும் சுரங்கச் சங்கு சொல்லிவிடும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் நம்மவர் பலருக்கு வேலை பெங்களூரில். விடியுமுன் ரயிலைப் பிடிக்க வேண்டிய வாழ்க்கை. கையிலுள்ள கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.

என் அக்கா மகனுக்குத் திருமணத்தில் மாமனார் வீட்டார் ஒரு 'ஸ்கெலிட்டன்' வாட்ச் போட்டார்கள். டயல் இருக்க வேண்டிய இடத்தில் பல்சக்கரங்கள் சுழல்வதும், பேலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடுவதும் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பேட்டரி வாட்ச்சில் இல்லாத உயிர் இதில் இருக்கிறது என்பது உண்மைதான்.

முதல் சிக்கல் சாம்பியன் ஸ்டேஷனில் தெரிந்தது. அரையிருட்டில் மணி பார்த்தால் முட்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. முள்ளும் வெள்ளி நிறம், பின்னாலுள்ள சக்கரங்களும் வெள்ளி நிறம். முள்ளைக் கண் பிரித்தறிய அதன் பின்னால் வேறு நிறத்தில் அமைதியான பரப்பு வேண்டும். டயல் செய்யும் வேலை அதுவே. அதை வெட்டி எடுத்துவிட்டால், ஓடும் சக்கரங்களே முள்ளுக்குப் பின்னணியாகிவிடுகின்றன.

இரண்டாவது சிக்கல் பெரியது. ஒரு நாள் நெரிசலில் ஏறும்போது வாட்ச் ரயில் கதவுக் கம்பியில் மோதியது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் மேசையில் மல்லாக்க வைத்தால் ஓடும். கையில் கட்டினால் சிறிது நேரத்தில் நின்றுவிடும். ரிப்பேர்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்துக் காரணம் சொன்னார். சக்கரங்களின் அச்சுமுனைகளை மேலிருந்து தாங்கும் தகட்டுக்குப் 'பிரிட்ஜ்' என்று பெயர். அந்தத் தகடு சற்றே வளைந்திருந்தது. அச்சு தடையின்றிச் சுழல மேலும் கீழும் விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. தகடு அந்த அளவு வளைந்தாலே சக்கரம் இறுகிவிடும்.

"ஷாக் புரூப் என்று எழுதியிருக்கிறதே?" என்று கேட்டோம். அந்த அமைப்பு பேலன்ஸ் சக்கரத்தின் நுண்ணிய அச்சுமுனைகளை மட்டும் காப்பது. அவற்றைத் தாங்கும் கல் சிறு ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வளையும் தகட்டுக்கு அது காவல் அல்ல என்றார். அந்த மாதிரிக்குப் பிரிட்ஜ் தனியாகக் கிடைக்காததால் உள் இயந்திரம் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

நம் வீடுகளில் அப்பாக்கள் கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதாவை நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் செய்த, சாவி கொடுக்கும் வாட்ச். முழுத் தகடு, மூடிய டயல், எஃகு முதுகு. அழகு காட்ட அதில் எதையும் வெட்டி எடுக்கவில்லை. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் அரசு முடிவு செய்த பின்னும் அந்தப் பழைய வாட்சுகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் எல்லா ஸ்கெலிட்டன் வாட்ச்சும் ஒன்றல்ல. சிலவற்றில் டயலில் மட்டும் ஒரு ஜன்னல் வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் டயல் முழுவதும் சல்லடையாக இருந்தாலும் அடியிலுள்ள தகடுகள் முழுமையாகவே இருக்கும். இவற்றில் இயந்திரத்தின் பலம் பெரும்பாலும் குறைவதில்லை, படிக்கத்தான் சிரமம். மூன்றாவது வகையில் தாங்கும் தகடுகளையே குடைந்து மெல்லிய கம்பிகளாக ஆக்கியிருப்பார்கள். முதுகிலும் கண்ணாடி இருந்தால் வாட்ச்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல இடங்களில் வெளிச்சம் ஊடுருவி வந்தால் அது அநேகமாக இந்த மூன்றாவது வகை. மோதலுக்கு அதுவே அதிகம் அஞ்ச வேண்டும்.

வாங்கும்போது இன்னொரு சோதனையும் செய்யலாம். கடை விளக்கின் நேரடி வெளிச்சத்தை விட்டு விலகி, கையை நீட்டி, ஒரே ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்புங்கள். மணி சொல்ல முடிந்ததா? அகலமான கறுப்பு அல்லது நீல முட்களும், ஓரத்தில் நிமிடக் கோடு போட்ட வெள்ளை வளையமும் இருந்தால் பெரும்பாலும் முடியும்.

அக்கா மகன் இப்போது ரயிலுக்குச் சாதாரண வெள்ளை டயல் வாட்ச் கட்டுகிறான். மாமனார் வீட்டு வாட்ச் கல்யாணங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும். அன்று அவனுடைய சிறு மகள் மடியில் உட்கார்ந்து, எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று விரலால் காட்டுகிறாள். அந்த வாட்ச்சுக்கு ஏற்ற வேலை அதுதான்.