ரத்ததான முகாமை ரெஸ்யூமேயில் எழுதுவது எப்படி?

"என்.எஸ்.எஸ். தொண்டர். ரத்ததான முகாம் நடத்தினேன்." வேலை தேடும் பட்டதாரிகள் பலரின் ரெஸ்யூமேயில், கடைசியில், பொழுதுபோக்குகளுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வரி ஒதுங்கிக் கிடக்கும். எழுதியவர் அன்று நாற்காலி எடுத்துப் போட்டாரா, முகாம் முழுவதையும் பொறுப்பேற்று நடத்தினாரா என்பது படிப்பவருக்குத் தெரியாது.

மாணவர் தலைவியாக இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பார்த்த வேலை பெரியது. அரசு மருத்துவமனை ரத்த வங்கியுடன் பேசித் தேதி வாங்கினார். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெயர் சேர்த்தார். பதிவு மேசை, ஓய்வுப் படுக்கை, சிற்றுண்டி என்று 20 தொண்டர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார்.

முந்தைய ஆண்டு பெயர் கொடுத்த 120 பேரில் 60 பேரால்தான் ரத்தம் கொடுக்க முடிந்தது. எடை 45 கிலோவுக்குக் குறைவு, ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே, காலையில் சாப்பிடாமல் வந்தது என்று மற்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதைப் பதிவேட்டில் பார்த்த தலைவி, பெயர் எழுதும்போதே விதிகளைச் சொல்ல ஏற்பாடு செய்தார். அந்த முறை 130 பேர் பதிந்து, 96 பேர் கொடுத்தார்கள்.

இப்போது வரியை எழுதலாம்: "ரத்ததான முகாமின் மாணவர் பொறுப்பாளராக 20 தொண்டர்களை வழிநடத்தினேன். பதிவின்போதே தகுதி விதிகளை விளக்கும் முறையைக் கொண்டுவந்தேன். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பாதியிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தனர். 96 யூனிட் ரத்தம் கிடைத்தது." பொறுப்பு, அவரே எடுத்த முடிவு, அதன் விளைவு மூன்றும் இதில் இருக்கின்றன. 96 என்பதைவிட அந்தப் பாதி, கால் கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூட்டம் சேர்வதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். திரும்பிப் போனவர்கள் குறைந்ததற்கு அவருடைய ஏற்பாட்டைக் கைகாட்ட முடியும்.

"288 உயிர்களைக் காப்பாற்றினேன்" என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. ஒரு யூனிட் மூன்று உயிர் என்று மேடையில் சொல்லலாம். அந்த ரத்தம் யாருக்குப் போனது என்று அவருக்குத் தெரியாதே. நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்வி கேட்டால் அந்த வரி நிற்காது. பதிவேட்டிலும் ரத்த வங்கி கொடுத்த கடிதத்திலும் உள்ள எண்கள் நிற்கும். பதிவேடு இல்லையென்றால் வேலையின் அளவையாவது சொல்லுங்கள்: எத்தனை மாதம், எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். உத்தேசக் கணக்கென்றால் 'ஏறத்தாழ' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழு சேர்ந்து செய்ததைத் தனியாகச் செய்ததாக எழுத வேண்டாம். நன்கொடையைத் திரட்டியது வேறொருவர் என்றால் அந்தத் தொகை அவருடைய ரெஸ்யூமேக்கு உரியது.

வேலை அனுபவம் இல்லாதவர்கள் இந்த வரிகளை 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழேயே, பதவி, அமைப்பு, மாதம், ஆண்டு குறிப்பிட்டுப் போடலாம். பதவிப் பெயரில் 'தன்னார்வம்' என்ற சொல் இருக்கட்டும். சம்பள வேலை என்று யாரும் தவறாக நினைக்கக் கூடாது.