வேலையை விட்டுப் போகும் கணக்கர் எழுத வேண்டிய மெயில்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். அதன் கணக்கர் ஜனவரிக் கடைசியில் வேலையை விட்டுப் போகிறார். ஒப்படைப்பு மெயிலில் ‘டிடிஎஸ், ஜிஎஸ்டி வேலைகள் பாக்கி உள்ளன’ என்று மட்டும் எழுதினால் புதிதாக வருபவருக்குப் பயனில்லை. அந்த வேலைகள் உண்டு என்பது அவருக்கே தெரியும். எது எந்த நிலையில் நிற்கிறது என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படி எழுதலாம்: ‘ஜனவரி 20 அன்று ஒப்பந்ததாரர்களிடம் பிடித்த டிடிஎஸ் 10,000 ரூபாய். இன்னும் கட்டவில்லை. பிப்ரவரி 7 கடைசி நாள்.’ ஒரே நாள் தள்ளி 8ஆம் தேதி கட்டினாலும் வட்டி உண்டு. அது பிடித்த நாளிலிருந்து மாதத்துக்கு ஒன்றரை சதவீதம். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்காகும். ஜனவரியும் பிப்ரவரியும் சேர்ந்து 3 சதவீதம், 300 ரூபாய். தொகை சிறிதுதான். ஆனால் வட்டியைச் சேர்த்துக் கட்டாமல் விட்டால் பிறகு நோட்டீஸ் வரும்; காரணம் தெரிந்தவர் அப்போது அங்கே இருக்க மாட்டார்.

தொடர்பு எண்களிலும் இந்தத் தெளிவு வேண்டும். ஆடிட்டர் எண் பட்டறையில் எல்லோரிடமும் இருக்கும். ‘இரும்பு சப்ளையரின் டிசம்பர் பில் ஒன்று ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வரவில்லை. அவர் கணக்கரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் ஏற்றுவதாகச் சொன்னார். அது வந்த பிறகே கிரெடிட் எடுக்கவும்’ என்று எழுதினால், யாரிடம் எதற்காகப் பேச வேண்டும் என்பது விளங்கும்.

மெயிலில் அதிகம் விட்டுப்போவது ஓடிபி. சிறு நிறுவனங்களில் பதிவு செய்யும்போது கையில் இருக்கும் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது கணக்கருடைய சொந்த எண். அவர் போன பின், மாதாந்திரக் கணக்கு காட்டுபவர்கள் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய உட்கார்ந்தால், ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் இருக்கும்போதே போர்ட்டலுக்குள் நுழைந்து முதலாளியின் எண்ணுக்கு மாற்றிவிடலாம். போன பிறகென்றால், ஆவணங்களோடு ஜிஎஸ்டி அலுவலகத்துக்கு அலைய நேரலாம். எனவே எந்தப் போர்ட்டலில் யார் எண் இருக்கிறது, மாற்றியாயிற்றா என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எந்த அலமாரியில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பதும் இதோடு வர வேண்டும். பாஸ்வேர்டுகளை மட்டும் மெயிலில் எழுதக் கூடாது. முதலாளியிடம் நேரில் கொடுத்து, அவர் முன்னாலேயே மாற்றச் சொல்ல வேண்டும்.

இந்த மெயிலைக் கடைசி நாள் மாலையில் அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டால், வருபவர் அதைப் பார்த்தே ஒரு சலானைத் தானாகப் போட்டுப் பார்க்கலாம். அவர் தடுமாறி நிற்கும் இடத்தில் மெயிலில் ஒரு வரி குறைகிறது என்று தெரியும். அதைச் சேர்க்க எழுதியவரும் பக்கத்திலேயே இருப்பார்.